13 சதவீதம் தரும் பங்கு விலை அதிகம், 11 சதவீதம் தரும் பங்கு மலிவு

இரண்டு பங்குகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக நான் அமைத்தவை. முதலாவது ஒரு ஸ்டீல் கம்பெனி. பங்கின் இன்றைய விலை 500 ரூபாய். ஓராண்டில் 10 ரூபாய் டிவிடெண்ட் வரும், விலை 555 ரூபாய்க்குப் போகும் என்பது நம் கணிப்பு. அதாவது 500 ரூபாய் போட்டால் 565 ரூபாய் கைக்கு வரும். வருமானம் 13 சதவீதம். இரண்டாவது, சோப்பும் பற்பசையும் விற்கும் கம்பெனி. விலை 200 ரூபாய், டிவிடெண்ட் 8 ரூபாய், ஓராண்டு கழித்து விலை 214. மொத்தம் 222 ரூபாய். வருமானம் 11 சதவீதம்.

எதை வாங்குவது என்று கேட்டால் பலரும் ஸ்டீலைத்தான் காட்டுவார்கள். ஆனால் பங்குகளை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்டவர்களில் கணிசமானோர் இதே எண்களைப் பார்த்துவிட்டு, ஸ்டீல் பங்கு தகுதிக்கு மேல் விலை போகிறது, சோப்புப் பங்குதான் மலிவு என்று சொல்வார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதற்குப் பின்னால் ஒரே ஒரு நேர்கோடு இருக்கிறது. செக்யூரிட்டி மார்க்கெட் லைன் என்பது அதன் பெயர்.

இந்தக் கோட்டின் அடிப்படை யோசனை நமக்குப் புதிதல்ல. வங்கி டெபாசிட்டுக்கு 7 சதவீதம் தருகிறது, கடைத்தெருவில் இருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனி 11 சதவீதம் தருகிறேன் என்கிறது என்றால், 11 பெரிது என்பதற்காக யாரும் உடனே பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. இவனை நம்பிப் போடுவதற்கு 11 போதுமா, குறைந்தது 14 கேட்க வேண்டாமா என்றுதான் யோசிப்போம். தருவதாகச் சொல்லும் வட்டி ஒன்று, அந்த ரிஸ்க்குக்கு நாம் கேட்க வேண்டிய வட்டி இன்னொன்று. பங்குக்கும் இதே இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் நம் கணிப்பிலிருந்து வருகிறது. இரண்டாவது எண்ணைச் சொல்வது இந்தக் கோடு.

கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும். படுக்கை அச்சில் ரிஸ்க், செங்குத்து அச்சில் வருமானம். ரிஸ்க்கே இல்லாத இடத்தில் மத்திய அரசின் கடன் பத்திரம் நிற்கிறது. அதன் வருமானத்தை 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சந்தைக்கும் உரிய ரிஸ்க்கை 1 என்று குறித்தால், அந்த இடத்தில் நிஃப்டி போன்ற குறியீடு நிற்கிறது. அதிலிருந்து நீண்டகால நோக்கில் 12 சதவீதம் எதிர்பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கோடு தயார். அரசுப் பத்திரத்தை விட்டுப் பங்குக்கு வருபவருக்குச் சந்தை கூடுதலாகத் தரும் அந்த 5 சதவீதம்தான் ரிஸ்க் பிரீமியம். கோட்டின் சரிவும் அதுவே.

கேட்க வேண்டிய வருமானம் = 7 + (பீட்டா × 5)

பீட்டா என்பது சந்தை அசையும்போது ஒரு பங்கு எவ்வளவு அசைகிறது என்பதன் அளவு. ஸ்டீல் பங்கின் பீட்டா 1.4 என்றால், நிஃப்டி 10 சதவீதம் ஏறும் காலத்தில் அது சராசரியாக 14 சதவீதம் ஏறும், இறங்கும்போதும் அதே வேகத்தில் இறங்கும். சோப்புப் பங்கின் பீட்டா 0.6. சந்தை எப்படி ஆடினாலும் மக்கள் குளிப்பதை நிறுத்தப்போவதில்லை என்பதால் அது மெதுவாகத்தான் அசையும். இப்போது கணக்கைப் போட்டால் ஸ்டீலிடம் நாம் கேட்க வேண்டியது 7 + 7, அதாவது 14 சதவீதம். தரப்போவதோ 13. சோப்பிடம் கேட்க வேண்டியது 7 + 3, அதாவது 10 சதவீதம். தரப்போவது 11. ஒன்று கோட்டுக்கு ஒரு சதவீதம் கீழே, மற்றது ஒரு சதவீதம் மேலே. இந்த இடைவெளிக்கு ஆல்ஃபா என்று பெயர்.

இங்கே வழக்கமாக ஒரு குழப்பம் வரும். கோட்டுக்கு மேலே இருந்தால் விலை மலிவு, கீழே இருந்தால் விலை அதிகம். தலைகீழாகத் தெரிகிறதே என்று தோன்றினால், செங்குத்து அச்சில் இருப்பது விலை அல்ல, வருமானம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓராண்டு கழித்து வரப்போகும் 222 ரூபாய் மாறாமல் இருக்கிறது. அதற்கு இன்று 200 கொடுத்தால் 11 சதவீதம். நாலு பேர் இதைக் கண்டுகொண்டு வாங்க ஆரம்பித்து விலை 201 ரூபாய் 80 காசுக்கு ஏறினால் வருமானம் 10 சதவீதமாகி, பங்கு கோட்டில் வந்து உட்காரும். ஸ்டீலில் இதற்கு எதிர்மாறு. விற்பவர்கள் கூடி விலை 495 ரூபாய் 60 காசுக்கு இறங்கும்போதுதான் 565 ரூபாய் என்பது 14 சதவீத வருமானமாகும்.

ரிஸ்க் என்றால் பீட்டா மட்டும்தானா? ஸ்டீல் ஆலையில் உலை வெடிக்கலாம், சோப்புக் கம்பெனியின் புரொமோட்டர் குடும்பத்தில் சண்டை வரலாம். இவை ரிஸ்க் இல்லையா? இருக்கின்றன. ஆனால் அவற்றுக்காகச் சந்தை உங்களுக்குத் தனியாக எதுவும் தராது என்பதுதான் இந்தக் கோட்டின் மையக் கருத்து. முப்பது நாற்பது பங்குகளில் பணத்தைப் பிரித்து வைத்திருப்பவருக்கு ஒரு கம்பெனியின் உலை வெடித்தால் பெரிய நஷ்டமில்லை. செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய ரிஸ்க்குக்கு யாரும் கூலி கொடுக்க மாட்டார்கள். வட்டி விகித உயர்வு, போர், பொருளாதார மந்தம் போல எல்லாப் பங்குகளையும் சேர்த்து இழுக்கிற ரிஸ்க்கை எத்தனை பங்கில் பிரித்தாலும் தப்பிக்க முடியாது. அதற்கு மட்டும்தான் கூலி. அதன் அளவுதான் பீட்டா. 1960-களில் வில்லியம் ஷார்ப், ஜான் லின்ட்னர், ஜான் மோசின், ஜாக் ட்ரெய்னர் ஆகிய நால்வரும் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்தார்கள். ஷார்ப்பின் கட்டுரை 1964-இல் வெளியானது. 1990-இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்கும் ஹாரி மார்க்கோவிட்ஸ், மெர்ட்டன் மில்லர் ஆகியோருக்கும் பகிர்ந்து தரப்பட்டது. ட்ரெய்னரின் கட்டுரை பல ஆண்டுகள் அச்சேறாமலே கைக்குக் கை சுற்றிக்கொண்டிருந்தது.

ஒற்றைப் பங்கில் சேமிப்பு முழுவதையும் போட்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கோடு பொருந்தாது என்பதும் இதிலிருந்தே தெரியும். அவர் உலை வெடிக்கும் ரிஸ்க்கையும் சேர்த்துச் சுமக்கிறார். கோடு அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்டீல் விலை அதிகம், சரி. எவ்வளவு அதிகம்? பாடப்புத்தகங்கள் மேலே போட்ட கணக்கோடு நிறுத்திவிடும். 500 ரூபாய்க்குப் பதில் 495 ரூபாய் 60 காசு, வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. வாங்கி விற்கும் செலவிலும் வரியிலும் கரைந்துபோகும் தொகை. இதற்காகவா இத்தனை கணக்கு என்று தோன்றும்.

ஆனால் அந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஓராண்டு கழித்து விலை 555 என்று எடுத்துக்கொண்டபோது, அந்த 555 நியாயமான விலை என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். அதாவது இன்று இருக்கும் தவறு ஒரே ஆண்டில் சரியாகிவிடும் என்று அர்த்தம். 555-உம் தவறான விலையாக இருந்தால்? இதே 13 சதவீதத்தை வேறு வழியில் பார்ப்போம். 500 ரூபாய்க்கு 10 ரூபாய் டிவிடெண்ட் என்பது 2 சதவீதம், மீதி 11 சதவீதம் வளர்ச்சி. டிவிடெண்ட் என்றென்றைக்கும் ஆண்டுக்கு 11 சதவீதம் வளரும் என்றால், நியாய விலையைக் கண்டுபிடிக்க அடுத்த ஆண்டு டிவிடெண்டை, கேட்க வேண்டிய வருமானத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 14-இல் 11 போனால் 3 சதவீதம். 10 ரூபாயை 3 சதவீதத்தால் வகுத்தால் 333 ரூபாய். சந்தை விலை 500. சோப்புக்கும் இப்படியே பார்த்தால் டிவிடெண்ட் 4 சதவீதம், வளர்ச்சி 7 சதவீதம். 8 ரூபாயை, 10-இல் 7 போன 3 சதவீதத்தால் வகுத்தால் 267 ரூபாய். சந்தை விலை 200.

அதே ஒரு சதவீத இடைவெளி, ஒரு கணக்கில் நாலைந்து ரூபாய், இன்னொரு கணக்கில் 167 ரூபாய். இரண்டில் எதிலும் தவறில்லை. தவறான விலை எத்தனை காலம் நீடிக்கும் என்பதில்தான் வித்தியாசம். நிஜம் இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எந்தக் கம்பெனியும் நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றைக்கும் வளர முடியாது என்பதால், ஸ்டீலுக்குப் போட்ட 11 சதவீத நிரந்தர வளர்ச்சியை நான் நம்பமாட்டேன். அதைக் குறைத்தால் 13 சதவீதம் என்ற கணிப்பே ஆட்டம் காணும். ஆக, பங்கு மலிவா இல்லையா என்பதைத்தான் கோடு சொல்லும். எத்தனை ரூபாய்க்கு மலிவு என்று அதனிடம் கேட்டால் பதில் வராது.

இனி எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்ப்போம். வம்பு முழுவதும் இங்கேதான். பீட்டாவைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலோர் செய்வது இது: பங்கின் கடந்த 60 மாத ஏற்ற இறக்கத்தைச் சதவீதமாக ஒரு பத்தியிலும் நிஃப்டியின் ஏற்ற இறக்கத்தை அடுத்த பத்தியிலும் வைத்து, எக்செல்லில் ஒரு வரி எழுதுவது.

```
=SLOPE(B2:B61, C2:C61)
```

B பத்தியில் பங்கு, C பத்தியில் நிஃப்டி. வரிசை மாறினால் தவறான எண் வரும், எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. சதவீத மாற்றங்களைத் தராமல் விலைகளை அப்படியே தந்தாலும் ஓர் எண் வரும், அதற்கும் அர்த்தமில்லை.

சரியாகச் செய்தாலும் கிடைப்பது ஒரு மதிப்பீடுதான். 60 மாதத் தரவிலிருந்து வந்த 1.4 என்பது உண்மையில் 1.2 ஆகவோ 1.6 ஆகவோ இருக்கலாம். வெவ்வேறு தளங்களில் ஒரே பங்குக்கு வெவ்வேறு பீட்டா காணப்படுவதற்கு, எடுத்துக்கொண்ட காலமும் தினசரியா மாதாந்தரமா என்பதும் காரணங்கள். இன்னொரு காரணம், சில நிறுவனங்கள் கிடைத்த எண்ணை 1-ஐ நோக்கி மூன்றில் ஒரு பங்கு நகர்த்திவிட்டு வெளியிடுகின்றன. அதீத பீட்டாக்கள் காலப்போக்கில் 1-ஐ நெருங்குகின்றன என்று மார்ஷல் ப்ளூம் காட்டியதிலிருந்து வந்த பழக்கம் இது. அப்படித் திருத்தினால் ஸ்டீல் 1.27, சோப்பு 0.73 ஆகிறது. இரண்டின் ஆல்ஃபாவும் ஒரு சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

சிறிய கம்பெனிகளில் இன்னொரு பொறி உண்டு. தினமும் அதிகம் கைமாறாத பங்கின் விலை, சந்தை விழுந்த அன்றே விழாது. இரண்டு மூன்று நாள் கழித்து யாராவது விற்க வரும்போதுதான் விழும். தினசரித் தரவை வைத்துப் பார்த்தால் சந்தைக்கும் இதற்கும் தொடர்பே இல்லாததுபோல் 0.3, 0.4 என்று பீட்டா வரும். உடனே கேட்க வேண்டிய வருமானம் குறைந்து, பங்கு கோட்டுக்கு மேலே எழும்பி, மலிவு போலக் காட்சி தரும். கைமாறுவது குறைவு என்பது தனி ரிஸ்க். இங்கே அதுவே பாதுகாப்பு வேடம் போட்டு வருகிறது. வார அல்லது மாதத் தரவுக்கு மாறியதும் பீட்டா சட்டென்று உயர்ந்தால், அது இந்த வேடம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதைவிடப் பெரிய தவறு எதிர்பார்க்கும் வருமானத்தில் நடக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் 100 ரூபாயிலிருந்து 300 ரூபாய்க்குப் போன பங்கு, ஆண்டுக்குச் சுமார் 44 சதவீதம் தந்திருக்கிறது. அந்த 44-ஐ வரைபடத்தில் குறித்தால் புள்ளி கோட்டுக்கு எங்கோ மேலே நிற்கும். மலிவு என்று அறிவித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் விலை மூன்று மடங்கானதே, இனி வரப்போகும் வருமானத்தின் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றுவிட்டதால்கூட இருக்கலாம். கடந்தகால வருமானத்தைக் கோட்டோடு ஒப்பிடுவதற்கும் ஒரு பயன் உண்டு. ஃபண்ட் மேனேஜர் சந்தைக்கு மேல் சாதித்தாரா என்று மதிப்பெண் போடலாம். 1968-இல் மைக்கேல் ஜென்சன் 115 அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகளை அப்படித்தான் சோதித்தார். சராசரியாக அவர்கள் சாதிக்கவில்லை என்று கண்டார். இன்றைய விலை மலிவா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு பதில் சொல்லாது. புரோக்கர்கள் தரும் டார்கெட் விலையை அப்படியே எடுத்துப் போடுவதும் ஆபத்து. அவர்கள் வெளியிடும் அறிக்கைகளில் 'வாங்கு' என்பவையே அதிகம் என்பதால், பாதிக்கு மேற்பட்ட பங்குகள் கோட்டுக்கு மேலே தெரியும். எல்லாப் பங்கும் மலிவாகத் தெரிகிறது என்றால் கணிப்பில்தான் கோளாறு. சந்தையின் 12 சதவீதம் என்பது இந்தப் பங்குகள் எல்லாவற்றின் சராசரிதானே.

கடைசியாக, கோட்டையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. 1972-இல் ஃபிஷர் பிளாக், ஜென்சன், மைரன் ஷோல்ஸ் மூவரும் நியூயார்க் பங்குச்சந்தையின் பல பத்தாண்டுத் தரவை எடுத்து, பீட்டா வாரியாகப் பங்குகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்த்தார்கள். பீட்டா கூடக் கூட வருமானமும் கூடத்தான் செய்தது. ஆனால் ஷார்ப்பின் கோடு சொன்ன அளவுக்குக் கூடவில்லை. நிஜமான கோடு படுத்த கோடு. பீட்டா குறைந்த பங்குகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தந்தன, பீட்டா கூடிய பங்குகள் குறைவாகத் தந்தன. பிளாக் சொன்ன காரணம் எளிமையானது. அதிக வருமானம் வேண்டுபவர் கோட்பாட்டின்படி கடன் வாங்கிச் சந்தை முழுவதையும் வாங்க வேண்டும். நிஜத்தில் மலிவான கடன் யாருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. அதனால் வேகமாக அசையும் பங்குகளை நேரடியாக வாங்கிக் குவிக்கிறார்கள். அவற்றின் விலை ஏறுகிறது, வருமானம் குறைகிறது.

இதை நம் இரண்டு பங்குகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். கோடு 7-இல் தொடங்காமல் 9-இல் தொடங்கி, சந்தையின் அதே 12 வழியாகப் போகிறது என்று வையுங்கள். சரிவு 5 அல்ல, 3. ஸ்டீலிடம் கேட்க வேண்டியது 9 + 4.2, அதாவது 13.2 சதவீதம். சோப்பிடம் 9 + 1.8, அதாவது 10.8. ஸ்டீல் கோட்டுக்கு 0.2 கீழே, சோப்பு 0.2 மேலே. சோப்பு மலிவு என்று நாம் கண்டுபிடித்ததில் பெரும்பகுதி, கோட்டை மிகச் செங்குத்தாக வரைந்ததால் வந்தது. அந்தப் பங்கிடம் தனிச்சிறப்பு எதுவும் இல்லாமல் இருக்கலாம். பீட்டா குறைந்த எந்தப் பங்கை எடுத்திருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் தெரிந்திருக்கும்.

1977-இல் ரிச்சர்ட் ரோல் இன்னும் அடிமடியில் கைவைத்தார். கோட்பாடு சொல்லும் 'சந்தை' என்பது உலகிலுள்ள எல்லாச் சொத்துகளும் சேர்ந்தது, அதை யாரும் அளந்ததில்லை, பங்குக் குறியீட்டை வைத்துச் செய்யும் சோதனை அந்தக் குறியீட்டைப் பற்றியதுதான் என்றார். வீட்டுச் சொத்தில் முக்கால்வாசி நிலமும் நகையுமாக இருக்கும் நாட்டில் நிஃப்டியின் 50 கம்பெனிகளைச் சந்தை என்று கொள்வது எவ்வளவு துணிச்சல் என்று யோசித்தால் அவர் சொல்வது புரியும்.

அப்படியானால் இந்தக் கோட்டை வைத்து என்னதான் செய்வது? அனுபவமுள்ளவர்கள் கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். பங்கு கோட்டுக்கு மேலா கீழா என்று கேட்காமல், என் தீர்ப்பு மாற வேண்டுமென்றால் எந்த எண் எவ்வளவு தவறாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஸ்டீலின் நிஜ பீட்டா 1.2 என்றால் அது கோட்டில் வந்து உட்கார்ந்துவிடும், விலை அதிகம் என்று சொல்ல முடியாது. 1.4-க்கும் 1.2-க்கும் உள்ள தூரம் 60 மாதத் தரவின் பிழைக்குள் அடங்கிவிடும். சோப்பின் பீட்டா 0.8 என்றால் அதன் மலிவும் போய்விடும். ரிஸ்க் பிரீமியத்திலும் இதே சோதனை. பிரீமியம் 4.3 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்டீலின் மீதான தீர்ப்பு புரளும். 6.7-க்கு மேலே போனால் சோப்பின் மீதான தீர்ப்பு புரளும். இந்தியாவுக்கு எவ்வளவு பிரீமியம் என்று கேட்டால் ஒருவர் 5 என்பார், இன்னொருவர் 7 என்பார், இருவரும் காரணத்தோடுதான் பேசுவார்கள். 7 என்பவருக்குச் சோப்புப் பங்கிடம் கேட்க வேண்டியது 11.2 சதவீதம், அது தருவது 11. அவர் அதை வாங்கமாட்டார். நம் கணிப்பில் சோப்பு 11-க்குப் பதில் 14 சதவீதம் தருவதாக இருந்திருந்தால், பீட்டா இரண்டு மடங்காகி 1.2 ஆனாலும் கேட்க வேண்டியது 13-தான். 7 சதவீதப் பிரீமியக்காரர் கேட்பதும் 11.2-தான். அப்போது இருவரும் ஒரே பங்கை வாங்கப் போட்டி போட்டிருப்பார்கள்.